ஒரே அறை, ஒரே கொசு: சின்னவனுக்கு மட்டும் ஏன் இப்படி வீங்குகிறது?

அகிலா (ஆனையூர்)

வணக்கம். ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்து இப்போது ஆனையூரில் வாடகைக்கு இருக்கிறோம். பையனுக்கு நாலு வயது, பெண்ணுக்கு ஒன்பது. நாலு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். காலையில் பார்த்தால் என் வீட்டுக்காரர் உடம்பில் ஒரு கொசுக்கடி கிடையாது. பெண்ணுக்கு அங்கொன்று இங்கொன்று. சின்னவனுக்கு மட்டும் கணுக்கால், முழங்கை, காது மடல் எல்லாம் எட்டணா அகலத்துக்குச் சிவந்து, கெட்டியாகத் தடித்துக் கிடக்கிறது. சொறிந்து சொறிந்து இரண்டு இடத்தில் புண்ணாகிவிட்டது.

போன வாரம் ஒருநாள் காலையில் ஒரு கண் இமை வீங்கித் திறக்கவே முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். தொற்று என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார்கள். மறுநாளே பாதி வடிந்துவிட்டது. மருந்தால் வடிந்ததா, தானாக வடிந்ததா என்று தெரியவில்லை.

மாமியார், "பிள்ளைக்கு இனிப்பு ரத்தம், அதான் கொசு மொய்க்குது" என்கிறார். நிஜமாகவே சிலரைத் தேடிப் போய்க் கடிக்குமா? வீக்கத்துக்கு என்ன போடலாம்?

ஓ பாசிட்டிவ் குமார்

அக்கா, பையனுக்கு என்ன குரூப்? ஓ என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். ஜப்பானில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள், கொசுவுக்கு ஓ குரூப்தான் பிடிக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரோடு நின்றாலும் என் காலைத்தான் கடிக்கும். என் மனைவி ஏ குரூப், பக்கத்திலேயே நிற்பாள், ஒன்றும் ஆகாது.

மேலூர் தங்கராசு

இனிப்பு ரத்தம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால் சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே ஒரே அரிப்பு. சொறிந்த இடம் ஆறவும் மாட்டேன் என்கிறது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டினால் கொசு குறையுமா என்று யாராவது சொன்னால் தேவலை.

பழைய பூச்சிக்காரர்

தங்கராசு அண்ணே, மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். கொசு உங்கள் ரத்தத்தின் ருசி பார்த்து வருவதில்லை. தோலில் உட்கார்ந்து குத்திய பிறகுதானே ரத்தமே அதற்குத் தெரியும்? அது வருவது மூச்சையும் வாடையையும் உடம்புச் சூட்டையும் பிடித்து. கால் புண் ஆறாமல் இருப்பது வேறு விஷயம். அதைக் கொசுக் கணக்கில் தள்ளிவிடாமல் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

நான் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கொசுப் பிடிக்கும் வேலை பார்த்தவன். பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டகை, வீட்டு மூலை என்று டார்ச் அடித்து, வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயில் பிடித்து எண்ணுவோம். அதனால் அகிலாவின் முதல் கேள்வியையே கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். கொசு பையனை அதிகம் கடிக்கிறது என்று எப்படித் தெரியும்? தடிப்பைப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்? தடிப்பு கடியின் எண்ணிக்கையைக் காட்டாது. கடித்ததற்கு உடம்பு எவ்வளவு கோபப்பட்டது என்பதைத்தான் காட்டும். பத்துக் கடி வாங்கியும் தடமே இல்லாதவர் உண்டு, ஒரே கடியில் கை வீங்குகிறவரும் உண்டு.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, விடிந்ததும் படுக்கைப் பக்கத்துச் சுவரிலும் திரைச்சீலை மடிப்பிலும் வயிறு சிவந்த கொசு எத்தனை என்று பாருங்கள். இரண்டு, சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரரைக் கொசு கடிக்கும்போது விரட்டாமல் விட்டு, அந்த இடத்தை அரை மணி நேரம் கவனியுங்கள். மூன்று, பையனுக்குத் தடிப்பு கடித்த உடனே வருகிறதா, மறுநாளா? இன்னொன்றும் சொல்லுங்கள். ஊருக்கு வந்த புதிதிலேயே இப்படி வீங்கியதா?

சமயநல்லூர் சங்கீ

எனக்கு இது ஏழாம் மாதம். முன்பெல்லாம் கொசு என்னைக் கண்டுகொள்ளாது, இப்போது விடுவதே இல்லை. இதுவும் மனப்பிரமைதானா சார்?

பழைய பூச்சிக்காரர்

இல்லையம்மா, உங்களுடையது நிஜம். காம்பியாவில் கர்ப்பிணிகளையும் மற்றப் பெண்களையும் தனித்தனியாகப் படுக்க வைத்துப் பார்த்து 2000 ஆம் ஆண்டில் எழுதினார்கள். கர்ப்பிணிகள் பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொசு வந்திருந்தது. நிறைமாதம் நெருங்க நெருங்க மூச்சு அதிகமாக வெளியே போகிறது, வயிற்றுப் பகுதிச் சூடும் கொஞ்சம் கூடுகிறது. அது மலேரியா பரப்பும் கொசு இனம், நம் சாக்கடைக் கொசுவை வைத்துச் செய்ததில்லை. ஆனாலும் மூச்சும் சூடும் எல்லாக் கொசுவுக்கும் பொது. வலைக்குள் படுங்கள்.

பாட்டி சொன்ன வைத்தியம்

அகிலா, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் கரைத்து, ராத்திரி பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடவி விடுங்கள். கொசு கிட்டே வராது, கடித்த இடத்துக்கும் குளிர்ச்சி. ரொம்பத் தடித்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பொட்டு வைத்தால் வற்றிவிடும். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இதுதான்.

வார்டு சிஸ்டர்

பாட்டி மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த இரண்டையும் நாலு வயதுப் பிள்ளைக்குச் செய்யாதீர்கள். கற்பூரம் குழந்தைகளுக்கு விஷம். சின்னக் கட்டி ஒன்றை விழுங்கினாலே வலிப்பு வரும். தோலில் நிறையத் தடவியே வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு. சொறிந்து புண்ணான தோலாக இருந்தால் உள்ளே இன்னும் வேகமாக இறங்கும். சுண்ணாம்பு காரம், பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும். பிறகு கொசுக்கடியை விட்டுவிட்டுச் சுட்ட புண்ணுக்கு மருந்து போட வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் விளையாட விட்டாலும் தோல் கருத்துக் கொப்பளிக்கும்.

அகிலா, இமை வீக்கம் பற்றி ஒரு கேள்வி. முதல்நாள் ராத்திரி நன்றாக இருந்து, விடிந்ததும் வீங்கியிருந்ததா? தொட்டால் வலித்ததா, இல்லை அரித்ததா? காய்ச்சல் இருந்ததா?

வாடிப்பட்டி கார்த்தி

எல்லாம் சரி, கொசுவை ஒழிக்காமல் ரத்த வகை பார்த்து என்ன ஆகப் போகிறது? எங்கள் தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி வந்தே ரொம்ப நாளாகிறது. செப்டிக் டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சரியாகுமா?

பழைய பூச்சிக்காரர்

கார்த்தி தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டி நூலால் இறுக்குங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம்.

அகிலா (ஆனையூர்)

எல்லோருக்கும் நன்றி. பூச்சிக்காரர் சார் சொன்னபடி பார்த்தேன், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

காலையில் ஜன்னல் பக்கத்துச் சுவரில் நாலைந்து கொசு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. அடித்தால் அத்தனையிலும் ரத்தம். அந்தப் பக்கம் படுப்பது என் வீட்டுக்காரர்தான். சாயங்காலம் திண்ணையில் அவர் கணுக்காலில் ஒன்று உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிறிய சின்னத் தடிப்பு வந்தது. நான் இட்லி ஊற்றி எடுத்து வருவதற்குள் இருந்த இடம் தெரியவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது செல்லூரில், வைகைக் கரையில். கடித்ததையே அவர் கவனிக்கவில்லை!

அதே நேரம் பையன் முழங்கையிலும் ஒன்று கடித்தது. அவனுக்கும் உடனே சின்னத் தடிப்பு வந்து அடங்கிவிட்டது. மறுநாள் காலையில் அதே இடத்தில்தான் சிவந்து, கெட்டியாக, சூடாக வீங்கியது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அப்புறம்தான் மெல்ல வற்றியது. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது, ஊருக்கு வந்த முதல் சில வாரம் அவனுக்கு ஒன்றுமே இல்லை. "இவனைக் கொசு கடிக்கிறதே இல்லை" என்று பெருமையாகக்கூடச் சொன்னோம்.

சிஸ்டர், இமை ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. காலையில் வீக்கம். வலி என்று அழவில்லை, கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். காய்ச்சல் இல்லை.

பழைய பூச்சிக்காரர்

அம்மா, பாதிப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

கொசு குத்தும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடும். அந்த எச்சிலில் உள்ள புரதங்களைத்தான் நம் உடம்பு எதிரியாக நினைக்கிறது. அறிமுகம் இல்லாத எச்சிலுக்கு உடம்பு முதலில் ஒன்றும் செய்யாது. பல முறை கடிபட்டு அடையாளம் தெரிந்ததும் மறுநாள் வீங்கத் தொடங்கும். இன்னும் பழகினால் உடனே ஒரு தடிப்பு, மறுநாள் ஒரு வீக்கம் என்று இரண்டும் வரும். அதற்கும் பிறகு மறுநாள் வீக்கம் போய் உடனடித் தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் சிலருக்கு அதுவும் நின்றுவிடும். மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் 1946 இல் இந்த வரிசையை எழுதி வைத்தார், இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். வந்த புதிதில் பையன் முதல் படியில் இருந்தான். கடி விழுந்தது, தடம் இல்லை. இப்போது இரண்டும் சேர்ந்து வரும் மூன்றாவது படியில் நிற்கிறான். செல்லூர்க்காரர் சின்ன வயதிலேயே இதையெல்லாம் தாண்டி நாலாவது படிக்குப் போய்விட்டார். ஒரே அறையில் ஒரே கொசுதான் இருவரையும் கடிக்கிறது.

அதற்கு மேலும் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அநேகமாக உங்கள் வீட்டுக்காரரைத்தான் கொசு அதிகம் கடிக்கிறது. பெரிய உடம்பு, அதிக மூச்சு, அதிகச் சூடு. காம்பியாவிலேயே இன்னொரு வேலை செய்தார்கள். ஒன்றாகப் படுத்து எழுந்த குடும்பங்களிடையே கொசுவைப் பிடித்து, வயிற்றில் இருக்கும் ரத்தம் யாருடையது என்று பார்த்தார்கள். பெரியவர்களின் ரத்தம்தான் அதிகம், குழந்தைகளுடையது குறைவு. உங்கள் சுவரில் இருந்த கொசுக்களையும் அப்படிச் சோதித்தால் தெரியும்.

ஓ பாசிட்டிவ் குமார்

அப்படியானால் "சிலரை அதிகம் கடிக்கும்" என்பதே பொய்யா சார்? ஜப்பான் ஆராய்ச்சியை என்ன செய்வது?

பழைய பூச்சிக்காரர்

பொய் இல்லை தம்பி. ஆள் ஆளுக்கு வித்தியாசம் உண்டு, காரணம்தான் வேறு இடத்தில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் ஜப்பான் வேலை 2004 இல் வந்தது. ஊசியை வெட்டிய கொசுக்களை விட்டு, கையில் எத்தனை வந்து உட்காருகிறது என்று எண்ணினார்கள். ஓ குரூப்புக்கு அதிகம் வந்தது உண்மைதான். ஆனால் ஏ குரூப்போடு ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் துலக்கமாக இருந்தது, மற்ற குரூப்புகளோடு ஒப்பிட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. இதை வைத்து நாலு வயதுப் பையன் ஏன் வீங்குகிறான் என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது தோல் வாடை. நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆட்களின் முன்கையில் நைலான் காலுறையை மாட்டிவிட்டு, அந்த வாடை ஏறிய நைலான் துண்டுகளை இரண்டிரண்டாக வைத்து டெங்கு கொசுவை விட்டார்கள். 2022 இல் முடிவு வெளிவந்தது. ஒருவருடைய நைலான் எல்லோரையும் தோற்கடித்தது. கொசுவை அதிகம் இழுத்தவர்களின் தோலில், எண்ணெய்ப் பசையிலிருந்து வரும் ஒரு வகை அமிலங்கள் கூடுதலாக இருந்தன. இது சோப்புப் போட்டுக் கழுவினால் போகிற வாடை இல்லை, வருடக்கணக்கில் அப்படியே இருந்தது. லண்டனில் இரட்டையர்களை வைத்தும் பார்த்தார்கள். உருவம் ஒன்றாக இருக்கும் இரட்டையர்களைக் கொசு ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்தியது, மற்ற இரட்டையர்களை அப்படி நடத்தவில்லை. ஆக இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அதனால் உங்கள் பஸ் ஸ்டாண்டுப் பெருமை உண்மையாகவே இருக்கலாம் குமார், குரூப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஓ பாசிட்டிவ் குமார்

விடமாட்டேன் சார். ஏ குரூப்போடு வித்தியாசம் துலக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் மனைவி ஏ குரூப்!

சமயநல்லூர் சங்கீ

சோப்பைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். பூ வாசனைச் சோப்பு போட்டால் கொசு வரும், தேங்காய் வாசனைச் சோப்பு போட்டால் வராது என்றார்கள். நாம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் போலிருக்கிறதே?

பழைய பூச்சிக்காரர்

2023 இல் அமெரிக்காவில் செய்தது அது. சோதனைக்கு நின்றது நாலே பேர். ஒரே சோப்பு ஒருவர் மேல் கொசுவை இழுத்தது, இன்னொருவர் மேல் விரட்டியது. சோப்பு வாடையும் ஆளின் சொந்த வாடையும் கலந்துதான் முடிவு வருகிறது. தேங்காய் எண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி வலையை மடித்து வைக்காதீர்கள். பூண்டு தின்றால் கொசு வராது என்பதையும் சோதித்துப் பார்த்தார்கள், பயன் தெரியவில்லை.

வார்டு சிஸ்டர்

அகிலாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் அவசரம்.

இமைத் தோல் தளர்வானது. சின்னக் கடிக்கே உப்பிக் கண்ணை மூடிவிடும். நீங்கள் சொன்ன விவரப்படி அது கடிக்கான எதிர்வினை போலத்தான் தெரிகிறது. தொற்றுக்கும் இதற்கும் முதல் அடையாளம் நேரம். கடித்த சில மணி நேரத்தில், ஒரே ராத்திரியில் வீங்கினால் பெரும்பாலும் ஒவ்வாமை வீக்கம். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்து வரும் தொற்றுக்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். ஒவ்வாமை வீக்கத்தில் அரிப்பு முன்னால் நிற்கும். தொற்றில் தொட்டால் வலிக்கும், சீழ் வைக்கும், நாளுக்கு நாள் பரவும். இரண்டிலும் சிவப்பும் சூடும் இருப்பதால்தான் குழப்பம். சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை வீக்கத்தோடு லேசான காய்ச்சல்கூட வரும், அப்போது டாக்டர்களே தடுமாறுவது உண்டு.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு காரியம்: வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனாலோ, அங்கிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கீற்று ஓடினாலோ, பிள்ளை சோர்ந்து காய்ச்சலோடு இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். கோடு போட்டது டாக்டருக்கும் உதவும். கண்ணைச் சுற்றிய வீக்கத்தில் வலி, காய்ச்சல், கண்ணை அசைக்கச் சிரமம் என்று எது இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, கடித்த இடத்தை விட்டு உடம்பெல்லாம் தடிப்பது கொசுக்கடியில் அபூர்வம், வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். நேரடியாக வைக்காதீர்கள். அப்புறம் காலமைன் லோஷன். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் புண்ணாகி எங்களிடம் வரும் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தால் தெரியும். ஸ்பூனைச் சுட வைத்து ஒத்தடம் கொடுப்பது வேண்டாம், சுட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

மருந்துக்கடை முருகேசன்

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு வந்து "கொசுக்கடிக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால், பல கடைகளில் படர்தாமரைக்குப் போடும் மூன்று மருந்து கலந்த டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் பளிச்சென்று குறையும், அதனால் அம்மாக்களுக்குப் பிடித்துப்போகும். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, போடாமல் இருக்கவே முடியாத நிலை வந்துவிடும். டியூபைத் திருப்பி இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரிப்பு தாங்காத தடிப்புக்கு டாக்டர்கள் பொதுவாக எழுதுவது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதக் கிரீம். மெல்லிய பூச்சாக, தடிப்பின் மேல் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சில நாட்களுக்கு மட்டும். இமையில் வேண்டாம், தோல் கிழிந்த புண்ணிலும் வேண்டாம்.

செட்டிரிசின் சிரப்பும் கொடுப்பார்கள். சாதாரண பாட்டிலில் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கும். நாலு வயதுக்கு வழக்கமாக எழுதுவது தினம் ஒரு வேளை 2.5 மில்லி. ஆனால் சொட்டு மருந்தின் செறிவு வேறு, அளவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பழைய சளி மருந்துகளில் இருக்கும் தூக்க மருந்து வகை வேண்டாம், பிள்ளை நாளெல்லாம் மந்தமாகக் கிடக்கும்.

பாட்டி சொன்ன வைத்தியம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் கற்பூரத்தால் ஒன்றும் ஆனதில்லை. ஆனாலும் சிஸ்டர் சொல்வதால் இனி சின்னதுகளுக்குத் தடவவில்லை. வேப்பிலைப் புகை போடலாமா, அதற்கும் தடையா?

வார்டு சிஸ்டர்

எந்தப் புகையும் மூடிய அறையில் மூச்சுக்கு ஆகாது அம்மா, வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்னும் ஆகாது. கொசுவத்திக்கும் இதே பதில்தான்.

அகிலா (ஆனையூர்)

முருகேசன் அண்ணா, எங்களிடம் ஏற்கெனவே ஒரு டியூப் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் குளோபெட்டசால்! எடுத்துத் தனியே வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். புதுக் கடி ஒன்று விழுந்தால், போன வாரம் அடங்கிய பழைய தடிப்புகளும் சேர்ந்து அரிக்கத் தொடங்குகின்றன. அது ஏன்? அப்புறம், சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போகும்போது முன்கூட்டியே செட்டிரிசின் கொடுத்து அழைத்துப் போகலாமா?

வார்டு சிஸ்டர்

பழைய தடிப்பு மறுபடி கிளம்புவது இந்த வயதில் நிறையப் பார்க்கலாம். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைதான் இது அதிகம். அதனால்தான் அம்மாக்கள் "ஒரே ராத்திரியில் இருபது இடத்தில் கடித்துவிட்டது" என்று வருவார்கள். நிஜத்தில் புதுக் கடி இரண்டு மூன்றாக இருக்கும். ஆறிய இடம் கறுப்பாக மாதக்கணக்கில் நிற்கும், நம் நிறத்துக்கு அது சகஜம். அதைப் போக்க எந்தக் கிரீமும் தேய்க்க வேண்டாம்.

முன்கூட்டியே மருந்து கொடுப்பதைப் பின்லாந்தில் சோதித்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் செட்டிரிசின், குழந்தைகளுக்கு லோராடடின் கொடுத்துப் பார்த்ததில் தடிப்பும் அரிப்பும் குறைந்தன. ஆனால் அங்கே கொசு சீசன் குறுகியது. மதுரையில் வருடமெல்லாம் சீசன், தினமும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. எந்த நாளில் கொடுக்கலாம் என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மேலூர் தங்கராசு

பாதத்தைக் காட்டினேன். டாக்டர் விரலிடுக்கைப் பார்த்துவிட்டுக் கொசுவாவது ஒன்றாவது, இது சேற்றுப்புண் என்றார். வயலில் நின்றதால் வந்ததாம். களிம்பு போடுகிறேன். ஆனாலும் கொசு கடிப்பது கடிப்பதுதான்.

அகிலா (ஆனையூர்)

குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இமையைப் பற்றிச் சொன்னதும், அது கடிக்கு வந்த வீக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். கணுக்காலில் சொறிந்த ஒரு புண்ணில் மட்டும் கிருமி சேர்ந்திருக்கிறது என்று அதற்கு மட்டும் தனி ஆயின்மென்ட் எழுதினார். மற்றதற்கு ஹைட்ரோகார்ட்டிசோன், விசேஷ நாட்களுக்குச் செட்டிரிசின். பேனாக் கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

பூச்சிக்காரர் சார், ஒன்று மட்டும் புரியவில்லை. பெண்ணும் ஷார்ஜாவிலிருந்துதானே வந்தாள்? அவளுக்கு ஏன் இவ்வளவு வீங்கவில்லை? இவனுக்கு எப்போது சரியாகும்?

பழைய பூச்சிக்காரர்

பெண் சின்ன வயதில் இங்கே இருந்தாளா? இருந்திருந்தால் அப்போதே சில படி ஏறியிருக்கலாம். இல்லையென்றால் அவள் உடம்பு வாகு அப்படி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேகூட இது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பையனுக்கு எத்தனை மாதம் என்று சொன்னால் அது ஜோசியம். தொடர்ந்து கடிபடுகிற ஊரில் பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்குள் அடங்கும். இன்னொன்று, ஓர் இனத்துக் கொசுவுக்குப் பழகிய உடம்பு இன்னோர் இனத்துக்கு அப்படியே பழகிவிடாது. ராத்திரி சாக்கடைக் கொசுவுக்கு அடங்கிய பிள்ளை, பகலில் கடிக்கும் வரிக்கால் கொசுவுக்கு வீங்கலாம்.

ஓ பாசிட்டிவ் குமார்

அப்படியானால் சீக்கிரம் பழகட்டும் என்று கடிக்க விட்டுவிடலாமே சார்?

வார்டு சிஸ்டர்

டெங்கு வார்டில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு இதை எழுதுங்கள் தம்பி.

பழைய பூச்சிக்காரர்

சிஸ்டர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அகிலா, படுக்கும்போது ஃபேனைப் பையன் கால் பக்கம் படும்படி வையுங்கள். கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும், மூச்சு வாடையும் கலைந்துவிடும். பகலில் முழுக்கால் சட்டை போடுங்கள், வெளிர் நிறத்தில், உடம்பை ஒட்டாமல். இறுகிய பனியன் துணி வழியாகவே கொசு குத்திவிடும். தடவும் கிரீம் வாங்கினால் எந்த வயதுக்கு மேல் என்று டியூபில் பார்த்துவிட்டு, நீங்கள் உங்கள் கையில் எடுத்துத் தடவி விடுங்கள். அவன் கையிலும் கண்ணோரத்திலும் புண்ணிலும் படக் கூடாது.

அகிலா (ஆனையூர்)

கொசுவலை கட்டியாயிற்று சார். கட்டியும் நேற்று முழங்கையில் ஒரு கடி. வலையில் ஓட்டை எதுவும் இல்லை.

பழைய பூச்சிக்காரர்

தூக்கத்தில் புரண்டு வலையோடு ஒட்டிப் படுத்திருப்பான். தோல் வலையைத் தொட்டால் கொசு வெளியே உட்கார்ந்தபடியே குத்தும். பெரிய வலையாக வாங்கி நாலு முனையையும் இழுத்துக் கட்டுங்கள், ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். பையனை நடுவில் போட்டு, வலை ஓரத்தில் ஒரு நீளத் தலையணை வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே வலையை இறக்கிவிடுங்கள். ராத்திரி இறக்கினால் ஏற்கெனவே படுக்கைப் பக்கம் இருப்பதையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள்.

அகிலா (ஆனையூர்)

ஆமாம், அவன் படுப்பது ஓரத்தில்தான். இன்றைக்கு நடுவில் போட்டுப் பார்க்கிறேன். ஓரத்துக்கு அவன் அப்பா இருக்கிறார்.